பஸ் ஜன்னலில் எடுத்த மலைப்பாதைப் படத்திலிருந்து பயணக் குறிப்பு எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையில் இருப்பது ஒரே ஒரு படம். பஸ் ஜன்னல், வெளியே வளைந்து போகும் மலை ரோடு. இதை வைத்து ஒரு நாளைய டைரிக் குறிப்பு எழுத முடியுமா?

ஒரு நாளை எழுத முடியாது. அந்தப் படத்தைச் சுற்றியுள்ள பத்து நிமிஷத்தை எழுதலாம், அதுவே ஒரு நல்ல குறிப்புக்குப் போதும். காலையில் எழுந்தது, பஸ் ஏறியது, போய்ச் சேர்ந்தது, அறை எடுத்தது என்று எல்லாவற்றையும் இழுத்துவந்தால் படம் வெறும் ஓரத்து அலங்காரமாகிவிடும். சுமார் 100 முதல் 250 சொற்கள் என்று அளவு வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். பிறகு நேரம், இடம், பஸ் போன திசை. அதற்குப் பிறகுதான் நினைவு. நினைவிலிருந்து தொடங்கினால் அது படத்தை மறைத்துவிடும். "மழை கொட்டிக்கொண்டிருந்தது" என்று எழுதியிருப்பீர்கள். படத்திலோ தடுப்புச் சுவரின் நிழல் ரோட்டில் கத்தி வெட்டினாற்போல விழுந்திருக்கும். மழை அந்தப் பயணத்தில் வேறொரு நேரத்தில் பெய்திருக்கும்.

ஒரு தாளை மூன்றாகப் பிரித்து தெரிவது, நினைவு, ஊகம் என்று தலைப்பிடுங்கள். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த மூன்றில் எதையாவது நிரப்புவதற்குத்தான்.

பெரிதாக்கிப் பார்த்தாலும் ரோடும் மலையும்தான் தெரிகிறது. வேறு எதைப் பார்ப்பது?

ஓரங்களிலிருந்து தொடங்குங்கள். எல்லாரும் படத்தின் நடுவில் இருக்கும் வளைவைப் பார்ப்பார்கள். டைரிக்கு வேண்டியதோ பெரும்பாலும் நான்கு ஓரங்களில் கிடக்கும்: ஜன்னல் சட்டம், ரப்பர் பட்டை, குறுக்குக் கம்பி, முன் சீட்டின் முதுகு, திரைச்சீலையின் நுனி. நீங்கள் ரோட்டைப் பார்த்தது பறவையாக அல்ல, ஒரு சீட்டில் உட்கார்ந்துதான் என்பதற்கு இவைதான் சாட்சி.

முன் சீட்டின் முதுகு தெரிந்தால் இன்னொன்றும் கிடைக்கும். அது படத்தின் வலது ஓரத்தில் இருந்தால் நீங்கள் பஸ்ஸின் இடது பக்க ஜன்னலில் இருந்திருக்கிறீர்கள். இடது ஓரத்தில் இருந்தால் வலது பக்க ஜன்னலில். இடது ஜன்னல் வழியாக வெளியே பார்க்கும்போது பஸ் போகும் திசை உங்கள் வலது கைப் பக்கம் இருக்கும், அதனால்தான். எந்தப் பக்கம் "முன்னால்" என்பது தெரிந்துவிட்டால், படத்தில் ரோடு உங்களை நோக்கி வருகிறதா, நீங்கள் கடந்து வந்ததா என்று பிரிக்க வழி பிறக்கும்.

பிறகு கிட்டத்தில் இருப்பதற்கு வாருங்கள். தடுப்புச் சுவர் கல்லா, சிமெண்டா, இரும்புத் தகடா? பெயிண்ட் புதிதா, வண்டி உரசிய கீறல் இருக்கிறதா? கிலோமீட்டர் கல், வளைவில் எதிர் வண்டி தெரிவதற்காக நட்ட குவியாடி, மலைப் பக்கம் ஓடும் வடிகால், அதன் நீரைக் குறுக்கே கடத்தும் சிறுபாலம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றாவது இருக்கும். கல்லில் எண் படிக்கக் கிடைத்தால் படம் எடுத்த இடத்தை அது ஒன்றே சொல்லிவிடும்.

நடுத் தூரத்தில் ரோட்டின் மற்ற மடிப்புகளைப் பாருங்கள். எத்தனை அடுக்கு தெரிகிறது, அவை உங்களுக்கு மேலேயா கீழேயா, அவற்றில் வண்டி உண்டா, விளக்கு எரிகிறதா? பகலில் விளக்கு எரிந்தால் அந்த வண்டி மூடுபனியைக் கடந்து வந்திருக்கலாம். இது ஊகப் பத்திக்குப் போக வேண்டியது. தூரத்தில் பார்க்க வேண்டியவை இரண்டுதான்: வெயில் மலையின் எந்த உயரம் வரை விழுந்திருக்கிறது, மூடுபனி எந்த உயரத்தில் நிற்கிறது.

எழுதும்போது பெயரோடு நிலையையும் சேர்த்து எழுதுங்கள். "சுவர்" என்று எழுதி விட்டுவிட்டால் அடுத்த வாரம் உதவாது. "பாசி படிந்த கல் சுவர், ஒரு இடத்தில் இரண்டு கல் இல்லை" என்றால் உதவும்.

எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் எடுத்தேன் என்று மறந்தே போய்விட்டது. கண்டுபிடிக்க முடியுமா?

மொபைலில் எடுத்த மூலக் கோப்பு இருந்தால் பெரும்பாலும் முடியும். கேலரியில் படத்தைத் திறந்து மேல்நோக்கித் தள்ளினால் எடுத்த தேதி, நேரம், இருப்பிடம் ஆகியவை பல மொபைல்களில் தெரியும். கம்ப்யூட்டரில் படக் கோப்பின் விவரங்களைப் படிக்கும் `exiftool` நிரல் இருந்தால் இன்னும் விவரமாகப் பார்க்கலாம்:

```
exiftool -DateTimeOriginal -OffsetTimeOriginal -GPSLatitude -GPSLongitude -GPSAltitude -GPSImgDirection IMG_0412.jpg
```

`GPSAltitude` கடல் மட்டத்திலிருந்து உயரம், `GPSImgDirection` கேமரா பார்த்த திசை. திசை எண் 0 என்றால் வடக்கு, 90 கிழக்கு, 180 தெற்கு, 270 மேற்கு. ஆனால் பஸ்ஸின் இரும்பு உடம்புக்குள் மொபைலின் திசைகாட்டி தடுமாறும். அந்த எண்ணை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் ஏதாவது வரவில்லை என்றால் பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும். கேமராவுக்கு இருப்பிட அனுமதி கொடுக்காமல் எடுத்திருப்பீர்கள். அப்போது நேரம் மட்டும் இருக்கும். அல்லது உங்களிடம் இருப்பது நண்பர் மெசேஜில் அனுப்பிய நகல். சாதாரணப் படமாக அனுப்பும்போது செயலிகள் அளவைக் குறைப்பதோடு இந்த விவரங்களையும் உதிர்த்துவிடும். கோப்பில் தெரியும் தேதி, படம் உங்களுக்கு வந்து சேர்ந்த தேதியாகவே இருக்கக்கூடும். எடுத்தவரிடம் மூலப் படத்தை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

மேப்பில் பார்த்தால் புள்ளி ரோட்டுக்கு வெளியே, சரிவில் போய் விழுகிறது. அப்படியானால் எல்லாம் தப்பா?

தப்பில்லை, சற்றே விலகியிருக்கிறது. ஒரு பக்கம் மலை செங்குத்தாக நிற்கும்போது வானத்தில் பாதி மறைந்துபோகிறது. செயற்கைக்கோள் சிக்னல் குறைவாகக் கிடைப்பதோடு, பாறையில் பட்டுத் திரும்பியும் வருகிறது. போதாததற்கு மொபைல் சில நேரம் புது இடத்தைக் கணக்கிட்டு முடிப்பதற்குள் படம் எடுக்கப்பட்டுவிடும். அப்போது முந்தைய இடத்தையே எழுதிவைக்கும். பஸ் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போனால் 20 விநாடியில் ஏறத்தாழ 165 மீட்டர் நகர்ந்துவிடும்.

சமவெளியில் இந்தப் பிழை பெரிதாகத் தெரியாது. கொண்டை ஊசி வளைவுகளில் தெரியும், ஏனென்றால் அங்கே 40 மீட்டர் விலகினாலே மேல் மடிப்பா கீழ் மடிப்பா என்பது மாறிவிடும். ஆகவே புள்ளியைச் சுற்றியுள்ள மடிப்புகளை மேப்பில் பார்த்து, படத்தில் தெரியும் காட்சியோடு எது பொருந்துகிறது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். உங்களுக்குக் கீழே இரண்டு மடிப்பு தெரிகிறது என்றால் நீங்கள் குறைந்தது மூன்றாவது மடிப்பில் இருக்கிறீர்கள்.

உயர எண் இதைவிடவும் அதிகமாகத் தடுமாறும். "1,143 மீட்டரில்" என்று எழுதாமல் "1,100 மீட்டருக்குச் சற்று மேலே" என்று எழுதுவதே நேர்மை.

ஏறும்போது எடுத்ததா, இறங்கும்போது எடுத்ததா என்று எப்படிச் சொல்வது?

இதை முடிவு செய்யாமல் எழுத உட்காராதீர்கள். ஏறுவதும் இறங்குவதும் ஒரே ரோட்டில் நடந்தாலும் இரண்டு வெவ்வேறு அனுபவங்கள். இன்ஜின் சத்தம், வேகம், உடம்பு சாயும் விதம் எல்லாமே வேறு.

எளிய வழி, இந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களின் உயரத்தைப் பார்ப்பது. இருபது நிமிஷ இடைவெளியில் 200 மீட்டர் கூடியிருந்தால் ஏற்றம்தான். கருவியின் தடுமாற்றம் அவ்வளவு தூரம் போகாது.

வேறு படமே இல்லையென்றால் பள்ளம் எந்தப் பக்கம் இருந்தது என்பதிலிருந்து போகலாம். கொண்டை ஊசி வளைவில் ஏறும் பஸ் எப்போதும் மலைப் பக்கமாகத் திரும்பும். இறங்கும் பஸ் பள்ளத்துப் பக்கமாகத் திரும்பும். பள்ளம் இடது ஜன்னலில் இருக்க, அடுத்த வளைவு வலது பக்கம் திரும்புகிறது என்றால் பஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. படத்தை முன்னோக்கிச் சாய்வாக எடுத்திருந்தால் அடுத்த வளைவு தெரியும், இதைச் சரிபார்க்கலாம்.

இதே கணக்கிலிருந்து பலர் கவனிக்கத் தவறும் ஒன்றும் வருகிறது. ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் பள்ளம் ஜன்னல் மாறும். இடது பக்கம் உட்கார்ந்தவருக்கு ஒரு மடிப்பில் பள்ளத்தாக்கு, அடுத்த மடிப்பில் கைக்கெட்டும் தூரத்தில் மண் சுவர். "வழியெங்கும் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே வந்தேன்" என்று எழுதினால் அந்த ரோட்டில் போனவர் நம்ப மாட்டார்.

உடம்பின் நினைவும் துணைக்கு வரும். காது அடைத்தது மட்டும் தெளிவாக ஞாபகம் இருந்தால் பெரும்பாலும் இறக்கம். ஏறும்போது நடுக்காதின் காற்று தானாக எளிதில் வெளியேறிவிடும். இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடுவதால், உள்ளே காற்று போக நாம் விழுங்கியோ கொட்டாவி விட்டோ வழி திறக்க வேண்டியிருக்கும். பிரேக் சூடேறிய கருகல் வாடை ஞாபகம் இருந்தாலும் இறக்கத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். தாழ்ந்த கியரில் இன்ஜின் நீளமாக முக்கியது என்றால் ஏற்றம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் இறக்கத்திலும் ஓட்டுநர்கள் பிரேக்கைக் காப்பாற்றத் தாழ்ந்த கியரில்தான் வருவார்கள், அதனால் சத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

கண்ணாடியில் என் கையும் பக்கத்து சீட்டுக்காரரின் தோளும் விழுந்திருக்கின்றன. இதை வெட்டி எறிந்துவிடலாமா?

வேண்டாம். காட்சிப் படமாக மாட்டுவதற்கு அது குறை, டைரிக்கு அதுதான் வரவு. அந்த நேரத்தில் உங்கள் கை எங்கே இருந்தது, மடியில் என்ன இருந்தது, பக்கத்தில் இருந்தவர் தூங்கினாரா என்பதெல்லாம் வேறெங்கும் பதிவாகியிருக்காது.

பிரதிபலிப்பு எங்கே தெரிகிறது என்பதையும் பாருங்கள். வெளியே இருட்டாக உள்ள இடத்தில், அதாவது நிழலில் கிடக்கும் சரிவின் மேல் மட்டும், அது தெளிவாக இருக்கும். வானம் வரும் இடத்தில் கரைந்துபோகும். உங்கள் விரல்கள் ஒரு மலைச்சரிவின் மேல் கிடப்பதுபோலவும் மணிக்கட்டு வானத்தில் காணாமல் போவதுபோலவும் தெரிந்தால் அதை அப்படியே எழுதலாம். எந்த உவமையும் தேவையில்லை. கண்ணாடி இல்லாத திறந்த ஜன்னல் என்றால் பிரதிபலிப்பு இராது; அதற்குப் பதில் காற்றைப் பற்றி எழுத ஏதாவது இருக்கும்.

தடுப்புச் சுவர் கோடு கோடாகக் கலங்கியிருக்கிறது. ஒரு கம்பம் சாய்ந்து நிற்கிறது. தூரத்து மலை மட்டும் தெளிவாக இருக்கிறது. ஏன்?

பஸ் ஓடிக்கொண்டிருந்தது என்பதற்கு அது அத்தாட்சி. மணிக்கு 36 கி.மீ. என்றால் விநாடிக்கு 10 மீட்டர். கேமரா 1/60 விநாடி திறந்திருந்தால் அதற்குள் பஸ் ஏறக்குறைய 17 செ.மீ. நகர்ந்துவிடும். இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் அந்த 17 செ.மீ. பெரிய இழுப்பாகத் தெரியும். இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மலையில் ஒன்றுமே தெரியாது. சுவரும் தெளிவாக இருந்தால் ஒன்று பஸ் நின்றிருக்க வேண்டும், அல்லது நல்ல வெயிலில் கேமரா மிகக் குறைந்த நேரமே திறந்திருக்க வேண்டும். வெளிச்சம் மங்கலாக இருந்தும் சுவர் தெளிவு என்றால் பஸ் நின்றதற்கே வாய்ப்பு அதிகம். வளைவில் எதிர் வண்டிக்கு வழிவிட நின்றதா என்று நினைவைக் கிளறிப் பாருங்கள்.

சாய்ந்த கம்பம் உண்மையில் நேராகத்தான் நின்றிருக்கும். மொபைல் கேமரா படத்தை ஒரே கணத்தில் முழுதாக எடுப்பதில்லை, வரிவரியாகப் படிக்கிறது. மேல் வரியைப் படித்துக் கீழ் வரிக்கு வருவதற்குள் கம்பம் சற்று இடம் மாறிவிடுகிறது. "சாய்ந்த மின்கம்பங்கள்" என்று குறிப்பில் எழுதிவிடாதீர்கள்.

படத்தில் இல்லாத சத்தம், வாசனை, தலைசுற்றல் எல்லாம் எழுதலாமா?

நிஜமாகவே நினைவிருந்தால் எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் மலைப் பயணம் என்றாலே தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் சில உண்டு: குளிர்ந்த காற்று, மண் வாசனை, பறவைச் சத்தம். இவை உங்கள் பயணத்தில் இருந்தனவா, எல்லாருடைய பயணத்திலும் இருப்பவையா என்று பாருங்கள். சோதனை எளிது: அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது, எப்போது நின்றது என்று சொல்ல முடிகிறதா? "ஹாரன் சத்தம்" யாருக்கும் வரும். "வளைவுக்கு முன் இரண்டு முறை அடித்தார், மேலிருந்து இன்னொரு ஹாரன் பதில் சொன்னது, அதன்பின் பஸ் ஊர்ந்தது" என்பது அங்கே இருந்தவருக்குத்தான் வரும்.

தலைசுற்றலுக்கும் ஒரு பின்னணி உண்டு. உடம்பு திரும்புவதை உள்காது உணர்கிறது; கண் மொபைல் திரையிலோ முன் சீட்டிலோ நிலைத்திருந்தால் "ஒன்றும் நகரவில்லை" என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் குமட்டுகிறது. தூரத்து மலையைப் பார்த்தால் சிலருக்குக் குறைவது இதனால்தான். அந்த மலைப் பயணத்திலிருந்து உங்களிடம் ஒரே ஒரு படம் இருப்பதற்குக்கூட இதுவே காரணமாக இருக்கலாம். அப்படியென்றால் அதுவே ஒரு நல்ல வாக்கியம்: இந்தப் படத்துக்குப் பிறகு மொபைலைப் பையில் வைத்துவிட்டேன்.

குளிரைப் பற்றி எழுதினால் அளவோடு எழுதுங்கள். பொதுவாக 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். 300 மீட்டர் ஏறிய இடத்தில் இரண்டு டிகிரிதான் இறங்கியிருக்கும். அங்கே "எலும்பை உறைய வைக்கும் குளிர்" வருவதற்கு வேறு காரணம் வேண்டும்.

வளைவை எழுதப் போனால் "பாம்பு போல நெளிந்த பாதை" என்றுதான் வருகிறது. வேறு எப்படி எழுதுவது?

பாம்பு தூரத்திலிருந்து, மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது. நீங்கள் பஸ்ஸுக்குள் இருந்தீர்கள். உள்ளே இருப்பவருக்கு வளைவு ஒரு வடிவம் அல்ல, வரிசையாக நடக்கும் சில சம்பவங்கள். ஓட்டுநர் கியர் இறக்குகிறார். பஸ் ஒரு கணம் தயங்குகிறது. அவர் எதிர்ப்பக்கம் சற்று ஒதுக்கி, பிறகு ஸ்டியரிங்கைச் சுற்றுகிறார். முன் சக்கரம் ரோட்டின் விளிம்புக்குப் போக, ஜன்னலில் ரோடே இல்லாமல் வெறும் வெளி தெரிகிறது. கால்கள் தானாக ஊன்றுகின்றன, மேலே உள்ள பைகள் நகர்கின்றன, பக்கத்தில் இருப்பவரின் தோள் வந்து முட்டுகிறது. பிறகு நிமிர்கிறது, கியர் மாறுகிறது.

இதில் நீங்கள் உணர்ந்த இரண்டை மட்டும் எடுத்து, நடந்த வரிசையில் வையுங்கள். எல்லாவற்றையும் எழுதினால் ஓட்டுநர் பயிற்சிக் கையேடு மாதிரி ஆகிவிடும். வளைவுகளின் எண்ணிக்கை தெரிந்தால், பலகையில் எண் எழுதியிருந்தால், "ஒன்பதாவது வளைவு" என்பதே போதும். எந்த உவமையையும்விட அது வேலை செய்யும்.

நிகழ்காலத்தில் எழுதுவதா, இறந்தகாலத்திலா?

நடந்ததை இறந்தகாலத்தில், படத்தில் இப்போது பார்ப்பதை நிகழ்காலத்தில். "லாரி ஒன்று கீழ் மடிப்பில் வந்தது" என்பது பயணம். "படத்தில் அது நெல்லளவு தெரிகிறது" என்பது படம். இரண்டும் கலந்து வரலாம், ஒரே வாக்கியத்துக்குள் குழப்பாமல் இருந்தால் சரி.

முழுதாக ஒரு மாதிரி காட்டுவீர்களா?

படத்தில் இவை இருப்பதாக வைத்துக்கொள்வோம். வலது ஓரத்தில் முன் சீட்டின் பச்சை உறை. கண்ணாடியில் நீர்த்துளிகள், பின்னோக்கிச் சாய்ந்து இழுபட்ட தடங்களோடு. கிட்டத்தில் கலங்கிய தடுப்புச் சுவர். அதற்குக் கீழே ரோட்டின் இரண்டு மடிப்புகள். அடி மடிப்பில் விளக்கெரிய ஒரு லாரி. பள்ளத்தில் மூடுபனி. எதிர் மலையின் உச்சியில் மட்டும் வெயில். சரிவின் இருட்டில் ஒரு கையின் பிரதிபலிப்பு, விரலிடுக்கில் பயணச் சீட்டு. கோப்பு சொல்லும் நேரம் 07:42, உயரம் 1,140 மீட்டர். அடுத்த படம் 08:05, அதில் உயரம் 1,390 மீட்டர்.

இதிலிருந்து வருபவை: இடது ஜன்னல், ஏற்றம், பஸ் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் எதிர் மலை உச்சி மட்டும் ஒளிர்கிறது என்றால் சூரியன் பஸ் போகும் மலைக்குப் பின்னால் இருக்கிறது; ஆகவே பஸ் மலையின் மேற்குச் சரிவில், நிழலில். மலை வலது கைப் பக்கம், அது கிழக்கு என்பதால் அந்த மடிப்பில் பஸ் ஏறத்தாழ வடக்கு நோக்கிப் போகிறது. பள்ளம் இடது பக்கம் இருப்பதால் அடுத்த கொண்டை ஊசி வலது திருப்பம், அதன்பின் இந்த ஜன்னலுக்குப் பள்ளம் கிடையாது.

நினைவில் இருப்பவை: பின் சீட்டில் ஒரு குழந்தை வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தது, வளைவில் நீங்கள் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தது. ஊகம்: லாரி மூடுபனிக்குள்ளிருந்து வந்திருக்கும். குறிப்பு இப்படி அமையலாம்:

> காலை 7.42. 1,100 மீட்டருக்குச் சற்று மேலே, ஏற்றத்தில்.
>
> மழை விட்டிருந்தது. துளிகள் கண்ணாடியில் நேராக இறங்காமல் பின்பக்கமாகச் சரிந்து ஓடின. நாங்கள் வந்த ரோடு கீழே இரண்டு மடிப்பாகத் தெரிந்தது. அடி மடிப்பில் ஒரு லாரி விளக்கைப் போட்டுக்கொண்டே வந்தது. பனிக்குள்ளிருந்து இப்போதுதான் வெளியே வந்திருக்க வேண்டும். கால் மணி நேரத்துக்கு முன்னால் நாங்களும் அங்கேதான் இருந்தோம்.
>
> வெயில் எதிர் மலையின் தலையில் மட்டும். எங்கள் பக்கம் இன்னும் நிழல். படத்தில் என் கை அந்த நிழலின் மேல் கிடக்கிறது, விரலுக்கிடையில் டிக்கெட். அதை ஏன் அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.
>
> பின் சீட்டுக் குழந்தை வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தது. "ஆறு" என்றபோது பஸ் வலது பக்கம் திரும்பியது, நான் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தேன். நிமிர்ந்தபோது ஜன்னலில் பள்ளம் இல்லை. ஈர மண்ணும் வேர்களும் ஒரு முழம் தள்ளி ஓடிக்கொண்டிருந்தன. பள்ளத்தாக்கு இப்போது எதிர் வரிசைக்காரர்களுக்கு.

கவனியுங்கள்: வடக்கு, மேற்குச் சரிவு என்று கண்டுபிடித்தவை எதுவும் குறிப்பில் நேராக வரவில்லை. அவை எழுதுகிறவர் தடுமாறாமல் இருக்கத்தான். வலது திருப்பத்துக்குப் பிறகு பள்ளம் எதிர்ப்பக்கம் போனது சரியாக அமைந்ததற்கு அந்தக் கணக்கே காரணம். ஊகமாக வந்த லாரி விஷயம் "இருக்க வேண்டும்" என்ற சொல்லோடு நிற்கிறது.

பயணம் போய் மூன்று வருஷம் ஆகிறது. இப்போது எழுதி அன்றைய தேதியைப் போடலாமா?

இரண்டு தேதியும் போடுங்கள்: மேலே படம் எடுத்த தேதி, கீழே எழுதிய தேதி. பின்னால் படிக்கும்போது எந்த விவரத்தை எவ்வளவு நம்பலாம் என்று அது சொல்லும். மூன்று வருஷம் கழித்து எழுதுவதில் பேச்சை மேற்கோளாகப் போடுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். குழந்தை சொன்ன ஒரு "ஆறு" நினைவிருக்கலாம். நான்கு வரி உரையாடல் நினைவிருக்க வாய்ப்பில்லை.

அடுத்த முறை படம் எடுக்கும்போதே எதையாவது குறித்துவைத்தால் உதவுமா?

ஓடும் பஸ்ஸில் நீளமாக எழுதாதீர்கள், குமட்டும். படம் எடுத்த உடனே படத்தில் விழாத மூன்றை மட்டும் மொபைலில் பேசிப் பதிவு செய்யுங்கள்: எந்தப் பக்க ஜன்னல், ஏற்றமா இறக்கமா, அந்த நேரத்தில் கேட்ட ஒரு சத்தம். பதினைந்து விநாடி வேலை. பஸ்ஸின் இரைச்சலும் கூடவே பதிவாகிவிடும்.

படம் எடுக்கும்போது லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தால் பிரதிபலிப்பு போய்விடும், ஆனால் பஸ்ஸின் அதிர்வு நேராக மொபைலுக்கு ஏறிப் படம் கலங்கும். ஒரு விரல் இடைவெளி விட்டு, கையால் மறைத்து எடுப்பது நல்லது. கண்ணாடியில் அழுக்கோ துளியோ இருந்தால் கேமரா சில நேரம் அதைக் குறிவைத்துவிடும், மலை மங்கிவிடும். திரையில் தூரத்து மலையைத் தொட்டுக் குவியத்தை அங்கே நிறுத்திவிட்டு எடுங்கள். ஒன்றைச் சுத்தமாக எடுத்த பிறகு, சற்றுப் பின்னால் சாய்ந்து ஜன்னல் சட்டமும் முன் சீட்டும் விழும்படி இன்னொன்று எடுங்கள். எழுத உட்காரும்போது இரண்டாவதைத்தான் திறப்பீர்கள்.